‘இல்லை’ எவ்வளவு தூரம் போகும்?

வட்டவளையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவனுக்கு உதாரண வாக்கியத்துக்குப் பஞ்சம் வராது. மத்திய மலையின் மேற்குச் சரிவில் உட்கார்ந்திருக்கிற ஊர். தென்மேல் பருவம் முதலில் வந்து முட்டுகிற இடங்களில் ஒன்று, ஆண்டுக்கு 5000 மில்லிமீற்றரை ஒட்டிய மழை. கலபொடைக்கும் ரொசல்லைக்கும் நடுவே மலைச்சரிவை வெட்டிப் போட்ட ரயில் பாதையில் கல்லும் மண்ணும் சரிவதும், பயணிகள் ஸ்டேஷனில் குந்தியிருப்பதும் இங்கே யாருக்கும் புதிதல்ல. ஆகவே சனிக்கிழமை வகுப்பில் நான் கொடுத்த வாக்கியம் பிள்ளைகள் தாமே பார்த்த ஒன்றுதான். கற்கள் அகற்றப்படும்வரை ரயில் வட்டவளையை விட்டுப் போகவில்லை. ஆங்கிலத்தில்: ‘த ட்ரெயின் டிட் நொட் லீவ் வட்டவளை அன்டில் த ரொக்ஸ் வேர் ரிமூவ்ட்.’ இதை ‘நொட் அன்டில்’ என்று தொடங்கி, பொருள் மாறாமல் திருப்பி எழுத வேண்டும்.

வாக்கிய மாற்றம் என்ற இந்தப் பயிற்சி நமக்குப் பல வழிகளில் வந்து சேர்ந்திருக்கிறது. தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்பு வரை படித்த யாரிடமும் ‘நோ சூனர்’ என்று சொல்லிப் பாருங்கள், ‘தேன்’ என்று மறுவார்த்தை தானாக வரும். ‘அஸ் சூன் அஸ்’ வாக்கியத்தை ‘நோ சூனர்’ வாக்கியமாக்குவது அங்கே தலைமுறை தலைமுறையான மனப்பாடம். அதற்கும் பின்னால் ரென்னும் மார்ட்டினும் சேர்ந்து எழுதி, இந்தியப் பள்ளிக்கூடங்களில் பரவிய இலக்கணப் புத்தகம் இருக்கிறது. வாக்கிய மாற்றத்துக்கு அதில் தனி அத்தியாயமே உண்டு. (அந்த ரென், பாலைவனப் படைவீரர்களைப் பற்றி ‘போ ஜெஸ்ட்’ என்ற நாவலை 1924இல் எழுதிய அதே பி. சி. ரென். பரீட்சைக்குப் படித்தவர்களில் பலருக்கு இது தெரியாது.) இன்னொரு பக்கம் கேம்பிரிட்ஜ் பரீட்சைகள். சி1 அட்வான்ஸ்ட் தாளின் நான்காம் பகுதியில் ஆறு கேள்விகள். ஒரு வாக்கியமும், மாற்றக்கூடாத ஒரு சொல்லும் கொடுத்து, மூன்றிலிருந்து ஆறு சொற்களுக்குள் இடைவெளியை நிரப்பச் சொல்வார்கள். கொழும்புக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் வாங்கி, படித்து, தம்பி தங்கைகளுக்குக் கைமாற்றிவிடுகிற பயிற்சிப் புத்தகங்களில் இந்த வகைக் கேள்விகள் நிறைய. அந்தப் புத்தகங்கள்தான் எங்கள் வகுப்புக்கும் வருகின்றன.

விதி எல்லாப் புத்தகத்திலும் ஒன்றேதான். நெவர், ஹார்ட்லி, செல்டம், நொட் ஒன்லி, நொட் அன்டில், அண்டர் நோ சர்கம்ஸ்டன்ஸஸ் போன்ற எதிர்மறைச் சொல்லோ தொடரோ வாக்கியத்தின் தலைக்கு வந்தால், துணைவினை எழுவாய்க்கு முன்னால் போக வேண்டும். துணைவினை இல்லாவிட்டால் டூ, டஸ், டிட் மூன்றில் பொருத்தமான ஒன்றை வருவித்துக்கொள்ள வேண்டும். கேள்வி கேட்கும்போது வருகிற அதே வரிசை. அவ்வளவுதான். பலகையில் எழுதினால் நாலு வரி.

அந்த நாலு வரியைக் கொப்பியில் எழுதிக்கொண்ட பிள்ளைகள் ரயில் வாக்கியத்தை எப்படித் திருப்பினார்கள் என்று பார்க்கலாம். மூன்று விதமான பிழைகள் வந்தன. மூன்றும் வருடாவருடம் வருபவை.

முதலாவது: ‘நொட் அன்டில் வேர் த ரொக்ஸ் ரிமூவ்ட் த ட்ரெயின் லெஃப்ட்.’ இது விதியை மதிக்கிற பிள்ளையின் பிழை. எதிர்மறைத் தொடர் முன்னால் வந்துவிட்டது, அதை அடுத்து ஒரு துணைவினை தென்படுகிறது, பிடித்துத் திருப்பிவிட்டாள். திருப்பப்பட்டது தப்பான வினை. ‘கற்கள் அகற்றப்படும்வரை’ என்ற துண்டு முழுவதும் காலத்தைச் சொல்கிற ஒரே தொடர். அதற்குள்ளே இருக்கிற வினைக்கு இந்த விளையாட்டில் பங்கே இல்லை. திரும்ப வேண்டியது தலைமை வாக்கியம், அதாவது ரயில் போன கதை. ‘ஒன்லி வென்’, ‘ஒன்லி ஆஃப்டர்’ என்று தொடங்குகிற வாக்கியங்களிலும் இதே குழி உண்டு. பெட்டி முழுவதையும் தூக்கி முன்னால் வைக்க வேண்டும், பெட்டியைத் திறக்கக்கூடாது என்று நான் சொல்வது வழக்கம். பெட்டி எங்கே முடிகிறது என்று பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்ட பிள்ளைகள் இந்தப் பிழையைத் திரும்பச் செய்வதில்லை.

இரண்டாவது: ‘நொட் அன்டில் த ரொக்ஸ் வேர் ரிமூவ்ட் த ட்ரெயின் டிட் நொட் லீவ்.’ இது தமிழ் பேசுகிறவனின் பிழை, இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தமிழில் எதிர்மறை கடைசியில், வினையில்தான் உட்காரும். ‘ஒருபோதும்’, ‘ஒருவரும்’, ‘எங்கேயும்’ என்று முன்னால் எத்தனை போட்டாலும் கடைசியில் ஓர் ‘இல்லை’ வராமல் நம் காது அடங்காது. ‘நான் ஒருபோதும் பார்த்தேன்’ என்று எந்தத் தமிழனாவது சொல்வானா? ஆங்கிலத்தில் ‘நெவர்’ என்ற சொல்லே இல்லையையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. அது முன்னால் வந்துவிட்டால் பின்னால் இன்னொன்று தேவையில்லை. நம் பிள்ளை முன்னால் ஒரு ‘நொட்’ எழுதிவிட்டு, வினை வரும்போது வெறுமையாக விட மனம் வராமல் இன்னொரு ‘நொட்’ போடுகிறான். முதல் வாக்கியத்தில் ஒரே ஒரு ‘நொட்’தான் இருந்தது, அதை எடுத்து முன்னால் கொண்டுபோயாயிற்று, ஆகவே பின்னால் மிச்சம் இருக்க முடியாது என்று எண்ணிக்காட்டினால் புரிந்துகொள்கிறார்கள்.

மூன்றாவது: ‘டிட் த ட்ரெயின் லெஃப்ட்.’ இறந்தகாலத்தை இரண்டு தடவை கட்டிய பிழை. ‘டிட்’ வந்து காலத்தைச் சுமந்துகொண்ட பிறகு ‘லெஃப்ட்’ மறுபடி சுமக்கக்கூடாது, ‘லீவ்’ என்று வெறுங்கையோடு நிற்க வேண்டும். கேள்வி வாக்கியத்தில் இதே பிழையைச் செய்கிறவர்கள்தான் இங்கேயும் செய்கிறார்கள்.

சரியான விடை: ‘நொட் அன்டில் த ரொக்ஸ் வேர் ரிமூவ்ட் டிட் த ட்ரெயின் லீவ் வட்டவளை.’ இதில் ‘டிட்’ எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பாதிப் பேர் ‘விதிப்படி போட்டோம் சேர்’ என்பார்கள். போட வேண்டியதே இல்லை. முதல் வாக்கியத்தில் ‘டிட் நொட் லீவ்’ என்று அது ஏற்கனவே இருந்தது. ‘நொட்’ கழன்று முன்னால் போனதும் ‘டிட்’ தனியாக மிஞ்சியது, அது எழுவாய்க்கு முன்னால் ஓர் அடி நகர்ந்தது, அவ்வளவே. புதிதாக எதுவும் சேரவுமில்லை, எதுவும் தொலையவுமில்லை. இந்தப் பயிற்சியில் இவ்வளவு சுத்தமாகக் கணக்குத் தீருகிற இடம் இதுதான். அதனால் ‘நெவர்’ஐ விட்டுவிட்டு ‘நொட் அன்டில்’இலிருந்து தொடங்குகிறேன். ‘நெவர்’இல் தொடங்கினால் ‘டிட்’ வானத்திலிருந்து குதித்த மாதிரித் தெரியும்.

கேள்வி வரிசை என்று சொல்லிவிடுவது ஆங்கிலேயப் பிள்ளைக்கு உதவி. நமக்கு அது அரை உதவிதான். தமிழில் கேள்வி கேட்க எதையும் இடம் மாற்ற வேண்டியதில்லை, வினையின் வாலில் ஓர் ‘ஆ’ ஒட்டினால் போதும். வந்தான், வந்தானா. ஆகவே இங்கே பேசப்படும் ஆங்கிலத்திலும் ‘யூ ஆர் கமிங்?’ என்று குரலை உயர்த்திக் கேட்டுவிட்டுப் போய்விடுகிறோம். திருப்ப வேண்டிய இடத்தில் திருப்பாமல் விடுகிற அதே பிள்ளை, ‘எங்கே போனான் என்று கேட்டேன்’ என்பதை எழுதும்போது, திருப்பக்கூடாத இடத்தில் ‘ஐ ஆஸ்க்ட் வேர் டிட் ஹி கோ’ என்று திருப்பி வைக்கிறாள். இரண்டு பிழைக்கும் வேர் ஒன்று. திருப்புவது ஏன் என்று யாரும் சொல்லித்தரவில்லை, எப்படி என்று மட்டும் சொல்லித்தந்திருக்கிறோம்.

ஏன் என்ற கேள்வி எனக்குச் சூடு பிடித்தது ஒரு மாதிரி வினாத்தாளால். எந்த நிறுவனம் அச்சடித்தது என்பது இங்கே வேண்டாம். அதில் ஒரு கேள்வி: ‘த மிஸ்ட் கேம் டவுன் இன் நோ டைம்’ என்பதை ‘இன் நோ டைம்’ என்று தொடங்கி எழுதுக. விடைப் பக்கத்தில் ‘இன் நோ டைம் டிட் த மிஸ்ட் கம் டவுன்’ என்று போட்டிருந்தது. பார்த்தவுடன் காது கூசியது. ‘நோ’ முன்னால் இருக்கிறது, விதிப்படி திருப்பியாயிற்று, ஆனால் தப்பு. ‘இன் நோ டைம் த மிஸ்ட் கேம் டவுன்’ என்று நேராகத்தான் எழுத வேண்டும். பக்கத்திலேயே ‘அட் நோ டைம்’ என்று தொடங்கியிருந்தால் திருப்பியே ஆக வேண்டும்: ‘அட் நோ டைம் டிட் த மிஸ்ட் கம் டவுன்.’ முதல் வாக்கியத்தில் பனிமூட்டம் கண்மூடித் திறப்பதற்குள் இறங்கிவிட்டது. இரண்டாவதில் அது இறங்கவே இல்லை. இரண்டிலும் ‘நோ’ இருக்கிறது, ‘டைம்’ இருக்கிறது. வேறுபாடு அந்த ‘நோ’ எவ்வளவு தூரம் போகிறது என்பதில்.

‘இன் நோ டைம்’ என்பதில் ‘நோ’ பக்கத்திலிருக்கிற ‘டைம்’ஐ மட்டும் மறுத்துவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறது. நேரமே ஆகவில்லை, அதாவது சீக்கிரம். வாக்கியத்தின் மற்றப் பகுதியை அது தொடுவதில்லை, பனி இறங்கியது இறங்கியதுதான். ‘அட் நோ டைம்’ என்பதில் ‘நோ’ வாக்கியம் முழுவதையும் பிடிக்கிறது. அப்படிப் பிடித்திருக்கிறது என்று கேட்பவனுக்குச் சொல்கிற அடையாளம்தான் திரும்பிய வரிசை. ‘நொட் ஃபார் ஃப்ரம் த ஸ்டேஷன்’, ‘நொட் லோங் எகோ’ போன்ற தொடர்கள் தலைக்கு வந்தாலும் வாக்கியம் திரும்பாததற்குக் காரணம் இதுவே. தூரமில்லை என்றால் கிட்டே, அதிக காலமில்லை என்றால் அண்மையில். மறுப்பு தொடருக்குள்ளேயே தீர்ந்துவிட்டது.

இதை எட்வர்ட் கிளைமா என்ற அமெரிக்க மொழியியலாளர் 1964இல், ஆங்கில எதிர்மறையைப் பற்றிய நீண்ட கட்டுரையில் பிரித்துக் காட்டினார். வாக்கியம் முழுவதையும் மறுக்கிற எதிர்மறை வேறு, ஒரு துண்டை மட்டும் மறுக்கிற எதிர்மறை வேறு. அதைக் கண்டுபிடிக்க அவர் சில சோதனைகளையும் வைத்தார். 60 ஆண்டாகியும் அது பயிற்சிப் புத்தகத்துக்குள் சரியாக இறங்கவில்லை என்பது என் குறை.

இந்த வேறுபாடு எவ்வளவு கூர்மையானது என்பதை ஒரு ஜோடி வாக்கியத்தால் காட்டலாம். மலையில் கொழுந்து எடுக்கிற பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு ஒரு நிரை கொடுத்திருக்கிறார்கள், பின்னேரத்துக்குள் முடிக்க வேண்டும். ‘வித் நோ ஹெல்ப், ஷி வுட் ஃபினிஷ் த ரோ.’ ‘வித் நோ ஹெல்ப் வுட் ஷி ஃபினிஷ் த ரோ.’ இரண்டிலும் அதே சொற்கள். இடம் மாறியது ‘ஷி’யும் ‘வுட்’உம் மட்டும். முதல் வாக்கியத்தில் அவள் கெட்டிக்காரி, ஒரு கையும் உதவிக்கு வராவிட்டாலும் நிரையை முடித்துவிடுவாள். இரண்டாவதில் யார் உதவிக்கு வந்தாலும் அவளால் முடிக்க முடியாது. ஒரே சொற்கள், நேர் எதிர்ப் பொருள். பலகையில் எழுதியபோது பின்வரிசையில் இருந்த ஒரு பெண் சொன்னாள்: ‘அப்ப இது அழகுக்குப் போடுறதில்லையா சேர்? நான் ஸ்டைலுக்குன்னுல்ல நெனச்சேன்.’ ஸ்டைலுக்கு என்றுதான் எல்லாப் புத்தகமும் சொல்கிறது. அழுத்தம் தருவதற்கு, நடையை உயர்த்துவதற்கு என்று. அழுத்தம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அது முன்னால் கொண்டுவந்ததால் கிடைத்தது. திருப்பியது, மறுப்பு எதுவரைக்கும் போகிறது என்று காட்டுவதற்கு.

கிளைமாவின் சோதனைகளில் பிள்ளைகளுக்குக் கொடுக்க எளிதானது ‘எனி’ சோதனை. எனி, எனிவன், எவர் போன்ற சொற்கள் சாதாரண உடன்பாட்டு வாக்கியத்தில் நிற்காது, மறுப்பின் நிழலில் நிற்கும். சந்தேகமான வாக்கியத்தில் எழுவாயாக ‘எனிவன்’ஐ வைத்துப் பாருங்கள். ‘அட் நோ டைம் டிட் எனிவன் கம்’ சரியாக ஒலிக்கிறது, ஆகவே மறுப்பு அங்கேவரை எட்டியிருக்கிறது, திருப்பலாம். ‘இன் நோ டைம் எனிவன் கேம்’ ஒலிக்கவில்லை, ஆகவே திருப்பாதே. ‘ஒன்லி ஆஃப்டர் த ரெயின் டிட் எனிவன் கம்’ என்பதும் சரி. ‘ஒன்லி’ பார்வைக்கு எதிர்மறைச் சொல்லல்ல. ஆனால் மழைக்குப் பிறகுதான் வந்தார்கள் என்றால் அதற்கு முன்பு ஒருவரும் வரவில்லை என்று உள்ளுக்குள் ஒரு மறுப்பு ஓடுகிறது. ‘ஒன்லி’ ஏன் இந்தப் பட்டியலில் சேர்ந்தது என்று கேட்கிற பிள்ளைக்கு அதுவே பதில்.

இங்கே ஒரு தடை வரும், நல்ல மாணவன் அதைக் கேட்காமல் விடமாட்டான். ‘நோ சூனர்’, ‘ஹார்ட்லி’ வாக்கியங்களில் சம்பவம் நடந்தே இருக்கிறதே, அங்கே எதை மறுக்கிறோம்? கொழுந்து நிறுக்கிற இடத்துக்குப் பெண்கள் போய்ச் சேர்ந்தார்கள், உடனே மழை பிடித்தது. ‘ஹார்ட்லி ஹேட் த விமின் ரீச்ட் த வெயிங் ஷெட் வென் த ரெயின் கேம் டவுன்.’ போய்ச் சேர்ந்தது உண்மை, மழை வந்தது உண்மை. அப்படியானால் இல்லை எங்கே இருக்கிறது?

இதற்கு விளக்கம் தேடி நான் வெளியே போகவில்லை, லயத்தில் பேசுவதையே சொன்னேன். ‘கொழுந்தக் கொட்டுனதும் கொட்டாததுமா மழ புடிச்சிக்கிச்சி.’ கொட்டியது நிஜம். இருந்தும் ‘கொட்டாததுமா’ என்று ஓர் எதிர்மறையைப் பக்கத்தில் வைக்காமல் அந்த அவசரம் நம் வாயில் வராது. கொட்டி முடிந்தது என்று சொல்லும் அளவுக்கு அந்தக் காரியம் முழுமை பெறவில்லை. மறுக்கப்படுவது சம்பவத்தின் முழுமை, இரண்டு சம்பவத்துக்கும் நடுவே இருந்திருக்க வேண்டிய இடைவெளி. ‘ஹார்ட்லி’ செய்வதும் அதையே. போய்ச் சேர்ந்தும் சேரவில்லை. ‘நோ சூனர்’ இன்னும் நேரடியாக இருக்கிறது. அது ஓர் ஒப்பீடு: மழை வந்ததைவிட முன்னதாக அவர்கள் சேரவில்லை. ஒப்பீடு என்பதால்தான் அதற்கு ‘தேன்’ துணை, ‘ஹார்ட்லி’க்கு ‘வென்’ துணை. இதைச் சொல்லாமல் ஜோடிகளை மனப்பாடம் செய்யச் சொன்னால் ‘ஹார்ட்லி தேன்’ என்று கலந்து எழுதிவிட்டு வருவார்கள். ‘சூனர்’இல் இருக்கிற ‘அர்’ ஒப்பீட்டு விகுதி, அதனால் ‘தேன்’ என்று சொல்லிவிட்டால் கலக்கமாட்டார்கள்.

‘நொட் ஒன்லி’ மட்டும் ‘எனி’ சோதனைக்கு அடங்காத பிடிவாதக்காரன். அங்கே மறுக்கப்படுவது ‘ஒன்லி’, அதாவது ‘அது மட்டும்தான்’ என்ற நினைப்பு. மழை பாதையை உடைத்தது, அத்தோடு நிற்கவில்லை, கரண்டையும் வெட்டியது. ‘நொட் ஒன்லி டிட் த ரெயின் டமேஜ் த ரோட், பட் இட் ஒல்ஸோ கட் த பவர்.’ முதல் பாதியில் எந்தச் செயலும் மறுக்கப்படவில்லை, ஆகவே ‘எனி’க்கு நிழல் இல்லை. ஆனால் ‘மட்டும்’ என்பது அந்தப் பாதி முழுவதன் மேலும் கிடக்கிறது, அதை மறுக்கும்போது பாதி முழுவதும் அந்த மறுப்புக்குள் வந்துவிடுகிறது. வரிசை திரும்புகிறது. இதை நான் முழுமையான விளக்கம் என்று சொல்லமாட்டேன். சோதனை ஒன்று, விதிவிலக்கு ஒன்று என்று பிள்ளைகளிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுவது நல்லது.

‘நொட் ஒன்லி’ வாக்கியங்களில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். இரண்டாம் பாதியையும் சேர்த்துத் திருப்பி ‘பட் ஒல்ஸோ டிட் இட் கட்’ என்று எழுதுவது அடிக்கடி நடக்கும். ‘நொட் ஒன்லி’யின் பிடி முதல் பாதியோடு முடிகிறது, இரண்டாம் பாதி நேராகவே போக வேண்டும். இன்னொன்று, ‘பாதை மட்டுமல்ல, பாலமும் உடைந்தது’ என்பது போன்ற வாக்கியம்: ‘நொட் ஒன்லி த ரோட் பட் ஒல்ஸோ த பிரிட்ஜ் வொஸ் டமேஜ்ட்.’ ‘நொட் ஒன்லி’ தலையில் இருக்கிறது, ஆனால் திருப்பக்கூடாது. இங்கே அது எழுவாயோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, எழுவாய்க்குள்ளேயே அதன் வேலை முடிகிறது. எழுவாயே எதிர்மறையாக இருக்கும்போதும் அப்படித்தான். ‘நோபடி கேம்’ என்பதில் மறுப்பு வாக்கியம் முழுவதையும் பிடித்திருந்தாலும், திருப்புவதற்கு முன்னால் வேறு எதுவும் இல்லை, எழுவாயே முன்னால் நிற்கிறது. முன்னால் வந்தது எழுவாயா, வேறு தொடரா என்று பார்ப்பதே முதல் வேலை. அவசரத்தில் எழுதுகிறவர்கள் அதைக் கடைசியில் பார்க்கிறார்கள், அல்லது பார்ப்பதே இல்லை.

ஆங்கிலத்துக்கு இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் சொல்லலாம். பழைய ஆங்கிலம் இன்றைய ஜெர்மன் மொழிக்கு நெருங்கிய சொந்தம். ஜெர்மனில் இன்றும் வினை இரண்டாவது இடத்தில் நிற்கும். முன்னால் ‘நேற்று’ வந்தாலும் ‘இங்கே’ வந்தாலும் ‘ஒருபோதும்’ வந்தாலும் எழுவாய் வினைக்குப் பின்னால் போய்விடும். ஜெர்மனியிலோ சுவிஸிலோ வளரும் நம் பிள்ளைகளுக்கு இதில் அதிசயம் ஒன்றுமில்லை, பேசிப் பழகிய வரிசை. ஆங்கிலம் நாளடைவில் அந்த வழக்கத்தைப் பெரும்பாலும் கைவிட்டது. ‘நேற்று’, ‘இங்கே’ எல்லாம் முன்னால் வந்தாலும் எழுவாய் அசையாமல் நிற்கத் தொடங்கியது. முக்கியமாகக் கேள்வியிலும் எதிர்மறையிலும் பழைய வரிசை மிஞ்சியது. பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டுகளில் ‘டூ’ என்ற துணைவினை பரவிய பிறகு, முழு வினையையே எழுவாய்க்கு முன்னால் தள்ளுகிற வழியும் போய், ‘டிட்’ஐத் தள்ளுகிற இன்றைய வழி நிலைத்தது. ஆக, இது யாரோ இலக்கணக்காரர் பரீட்சைக்காகக் கண்டுபிடித்த வித்தை அல்ல. ஒரு காலத்தில் எங்கும் இருந்த வரிசையில் மறுப்புக்கு உபயோகப்பட்டதால் தங்கிவிட்ட மிச்சம்.

இன்று அது எங்கே உயிரோடு இருக்கிறது? பேச்சில் குறைவு. கிருமிநாசினி டின்னின் மேல், களஞ்சிய அறைக் கதவில், ஒப்பந்தப் பத்திரத்தில், மேடைப் பேச்சில், பத்திரிகைத் தலையங்கத்தில் பார்க்கலாம். ‘அண்டர் நோ சர்கம்ஸ்டன்ஸஸ் ஷுட் திஸ் டோர் பி லெஃப்ட் ஓப்பன்’ என்பது மாதிரி, கட்டளை இடுகிறவனின் ஆங்கிலம். கூப்பிட்டுச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன், எழுதி ஒட்டிவிட்டேன், எந்தக் காரணமும் செல்லாது என்று சொல்கிற தொனி. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தத் தொனி புரியாத ஒன்றல்ல. அவர்களுடைய தாத்தாமார் கைநாட்டு வைத்த காகிதங்களும், துரைமார் அனுப்பிய கடிதங்களும் பெரும்பாலும் அந்த ஆங்கிலத்தில் வந்தவையே. பரீட்சைக்காக அதை எழுதப் பழகுகிற பிள்ளை, அப்படி ஒரு காகிதம் கைக்கு வந்தால், ‘நோ’ எதுவரைக்கும் போகிறது என்று வாசித்துப் பிரிக்கவும் வேண்டும். எழுதத் தெரிவதைவிட அது பெரிய காரியம் என்பது என் எண்ணம்.

ஆனால் பயிற்சிகளில் அந்த வாசிப்புக்கு இடமில்லை. ‘பொருள் மாறாமல் மாற்றி எழுதுக’ என்று கேள்வி தொடங்குகிறது. ‘எப்போதாவது சாப்பிட வருவார்’ என்பதற்கும் ‘செல்டம்’ஐத் தலையில் வைத்துத் திருப்பியதற்கும் செய்தி ஒன்றாக இருக்கலாம், ஆனால் சொல்கிறவனின் முகம் வேறு. நண்பனுக்கு எழுதுகிற கடிதத்தில் ‘நெவர் ஹேவ் ஐ ஈட்டன் சச் அ ரொட்டி’ என்று எழுதுகிற பிள்ளை இலக்கணத்தில் பிழை விடவில்லை, ஆனால் ரொட்டிக்கு மேடைப் பேச்சு வைத்திருக்கிறான். அதற்கு மார்க் குறைக்கிற தாளும் இல்லை, அதைச் சொல்லித்தருகிற தாளும் இல்லை. இன்னும் மோசமானது, பத்துக் கேள்வி கொடுத்தால் பத்தும் திருப்ப வேண்டியவையாகவே இருப்பது. மூன்றாவது கேள்விக்குள் பிள்ளை சூட்சுமத்தைக் கண்டுபிடித்துவிடுகிறான்: முன்னால் என்ன வந்தாலும் திருப்பு. யோசிக்காமல் பத்துக்குப் பத்து வாங்குகிறான். அவனுக்குத் தெரிந்தது ஆங்கிலம் என்று நாமும் நம்பிவிடுகிறோம். அந்த மாதிரி வினாத்தாளைத் தயாரித்தவரும் அப்படிப் பத்துக்குப் பத்து வாங்கியவராகத்தான் இருப்பார்.

ஆகவே அடுத்த தவணைக்குத் தாள் தயாரிக்கிற ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பத்தில் மூன்றைத் திருப்பக்கூடாத வாக்கியமாக வையுங்கள். ‘இன் நோ டைம்’ ஒன்று, ‘நொட் ஃபார் ஃப்ரம்’ ஒன்று, எழுவாயோடு ஒட்டிய ‘நொட் ஒன்லி’ ஒன்று. இன்னும் ஒரு கேள்வியில் அந்த நிரைக்காரப் பெண்ணின் இரண்டு வாக்கியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் கொடுத்து, எதில் அவள் வேலையை முடிக்கிறாள் என்று மட்டும் கேளுங்கள். விடையைத் தமிழிலேயே எழுதட்டும், முழு மார்க்கும் கொடுங்கள்.